எழுதிக் கொடுத்தால் போதுமா, நேரில் கேட்க வேண்டுமா? பெரியம்மாவின் சந்தைக் கடை அனுமதி குறித்து

கடைக்காரர் வீட்டுப் பெண் (திங்கள் இரவு)

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள ஒரு நகராட்சிச் சந்தையில் என் பெரியம்மா இருபத்திரண்டு ஆண்டுகளாக மசாலாத்தூள், கறிவேப்பிலை, வெற்றிலை விற்று வருகிறார். நகரத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. கடந்த வியாழக்கிழமை அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அனுமதி நிபந்தனைக்கு மாறாக அவர் தம் கடையை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டிருப்பதாகத் தகவல் கிடைத்துள்ளது என்றும், அனுமதியை ஏன் இரத்து செய்யக்கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும் என்றும் அதில் இருந்தது. யார் சொன்ன தகவல், எந்த நாள், யாருக்கு வாடகை என்ற விவரம் எதுவும் இல்லை.

நடந்தது இதுதான். பெரியம்மாவுக்கு இப்போது அறுபத்தேழு வயது. வாரத்தில் மூன்று நாள் காலையில் அவர் மருத்துவமனைக்குப் போகவேண்டியிருப்பதால், அந்த மூன்று நாளும் மலாவி நாட்டு இளைஞர் ஒருவர் கடையில் நிற்கிறார். அவருக்குப் பெரியம்மா மாதம் 1,800 ரேண்ட் சம்பளம் தருகிறார். அவரிடமிருந்து ஒரு சதம்கூட வாங்குவதில்லை.

பெரியம்மா சந்தையில் ஆங்கிலமும் ஸூலுவும் சரளமாகப் பேசுவார். ஆனால் நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர், அலுவலகக் கடிதம் எழுத வராது. "என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேனே, எதற்குக் கடிதம்?" என்று அவர் கேட்கிறார். நேரில் கேட்கும்படி கோர நமக்கு உரிமை உண்டா? வழக்கறிஞரை அழைத்துச் செல்ல முடியுமா?

மெரிபேங்க்வாசி (திங்கள் இரவு)

கட்டாயம் உரிமை உண்டு, அம்மா. அரசியலமைப்பின் 33ஆவது பிரிவு எல்லோருக்கும் நியாயமான நிர்வாக நடவடிக்கையை உறுதிசெய்கிறது. மறுதரப்பையும் கேள் என்பது இலத்தீன் காலத்திலிருந்தே வரும் விதி. 'கேள்' என்றால் காதால் கேட்பதுதானே? எழுதி வாங்கிக்கொண்டு கேட்டதாகச் சொல்வது ஏமாற்று வேலை. குற்றம் சாட்டியவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யவும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஏழு நாளும் காத்திருக்காமல் நாளைக்கே ஒரு வழக்கறிஞரைக் கொண்டு கடுமையான கடிதம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய பதிவேடு (செவ்வாய் காலை)

நான் ஓய்வு பெறும்வரை பல ஆண்டுகள் உரிமத் தீர்ப்பாயங்களில் எழுத்தராக இருந்தவன். மெரிபேங்க்வாசி ஐயா 33ஆவது பிரிவைச் சுட்டியது சரி. அதிலிருந்து அவர் வந்த முடிவுகளில் பாதி சரியில்லை. வழக்கறிஞரைத் தெரிந்தெடுக்கும் உரிமை குற்ற வழக்கில் நிற்பவருக்கு 35ஆவது பிரிவில் சொல்லப்பட்டது. சந்தை அனுமதி குற்ற வழக்கு அல்ல.

33ஆவது பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவர இயற்றப்பட்டது 2000ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம், நாம் எல்லோரும் பாஜா என்று சொல்லும் நிர்வாக நீதி மேம்பாட்டுச் சட்டம். தனியொருவரைப் பாதிக்கும் முடிவுகளைப் பற்றிய அதன் 3ஆவது பிரிவு இரண்டு தட்டாக அமைந்திருக்கிறது. கீழ்த்தட்டில் இருப்பவற்றை அதிகாரி சாதாரணமாகத் தந்தே ஆகவேண்டும்: என்ன செய்யப்போகிறோம், எதற்காக என்ற போதுமான அறிவிப்பு, தம் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்பு, முடிவைத் தெளிவாகத் தெரிவித்தல், மேல்முறையீடு உண்டென்றால் அதைப் பற்றிய தகவல், காரணம் கேட்கும் உரிமை பற்றிய தகவல். 'தம் பக்கத்தைச் சொல்ல' என்றுதான் இருக்கிறது, 'நேரில் வந்து சொல்ல' என்று இல்லை. எழுதிக் கொடுப்பதும் அதில் அடங்கும்.

மேல்தட்டில் மூன்று உள்ளன. துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுதல், விடயம் கடுமையானதாகவோ சிக்கலானதாகவோ இருந்தால் அது வழக்கறிஞராகவே இருத்தல் என்பது ஒன்று. தகவல்களையும் வாதங்களையும் முன்வைத்து, எதிர்த்தரப்புத் தகவலை மறுத்தல் மற்றொன்று. நேரில் தோன்றுதல் மூன்றாவது. இவற்றைத் தகுந்த சூழலில் அதிகாரி தம் விருப்புரிமையின்படி 'தரலாம்'. எனவே இவை தானாகக் கிடைப்பவை அல்ல, காரணம் காட்டிக் கேட்டு வாங்கவேண்டியவை. கேட்காமல் இருந்துவிட்டுப் பின்னால் "என்னை நேரில் கேட்கவில்லை" என்று நீதிமன்றம் போனவர்களுக்கு அங்கே முதலில் கிடைக்கும் கேள்வி "அப்போது ஏன் கேட்கவில்லை?" என்பதே.

கரும்புத்தோட்டம் (செவ்வாய் மதியம்)

நானும் இதே துன்பத்தைப் பட்டவன். ஒரு கிடங்கில் பதினொரு ஆண்டு வேலை பார்த்தேன். சரக்குக் கணக்கு குறைந்தது என்று சொல்லி விசாரணை வைத்தார்கள். வழக்கறிஞரைக் கூட்டி வரக்கூடாது, உடன் வேலை செய்பவரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ மட்டும் கூட்டி வரலாம் என்றார்கள். எதிர்த்துச் சாட்சி சொன்ன மேற்பார்வையாளரை நான் இரண்டு கேள்வி கேட்பதற்குள் தலைவர் நிறுத்திவிட்டார். பாஜா சட்டப்படி நானும் இப்போது நீதிமன்றத்தில் மறு ஆய்வு கேட்கலாமா? நடந்து நான்கு மாதம் ஆகிறது.

பழைய பதிவேடு (செவ்வாய் மதியம்)

கரும்புத்தோட்டம் ஐயா, உங்கள் வழி வேறு. தனியார் நிறுவனத்தில் வேலைநீக்கம் என்றால் தொழிலுறவுச் சட்டமும், தொழில் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சிசிஎம்ஏவும்தான். அரசு ஊழியருக்கும் வேலைநீக்கம் பொதுவாகப் பாஜாவுக்குள் வராது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் க்சாபா வழக்கில் முடித்துவைத்தது. சிசிஎம்ஏவுக்கு மனுச் செய்ய, வேலை போன நாளிலிருந்து 30 நாள்தான் காலம். அது கடந்துவிட்டபடியால் தாமதத்தை மன்னிக்கும்படி காரணத்தோடு விண்ணப்பம் சேர்த்து உடனே போடுங்கள். அங்கே சாட்சியம் புதிதாக எடுக்கப்படும், மேற்பார்வையாளரை நீங்கள் முழுதாகவே கேள்வி கேட்கலாம். கிடங்கு விசாரணையில் இரண்டு கேள்வியோடு நிறுத்தியது அங்கே அவ்வளவாகப் பொருட்டில்லை. இதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே பெரியம்மாவின் விடயம் கலைந்துவிடும்.

மாரிட்ஸ்பர்க் மாணவி (செவ்வாய் மாலை)

சட்டம் இறுதியாண்டு படிக்கிறேன். வழக்கறிஞர் விடயத்தில் மெரிபேங்க்வாசி ஐயாவுக்கு ஆதரவாக ஒரு தீர்ப்பு இருக்கிறது. கேப் டவுன் பகுதியில் இருந்த பெனின்சுலா டெக்னிக்கான் என்ற கல்வி நிறுவனத்தில், ஒரு செய்திக் கட்டுரை தொடர்பாக ஹமாட்டா என்ற மாணவர் மேல் ஒழுங்கு விசாரணை நடந்தது. மாணவருக்குத் துணையாக இன்னொரு மாணவரோ ஊழியரோதான் வரலாம் என்று விதி இருந்தது. உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆகவே இப்போது வழக்கறிஞர் உரிமை நிலைநாட்டப்பட்டது என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

பழைய பதிவேடு (செவ்வாய் இரவு)

பொருத்தமான தீர்ப்பைத்தான் எடுத்தீர்கள், ஆனால் அது கொடுத்தது உரிமை அல்ல. நீதிமன்றங்கள் அல்லாத மன்றங்களில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் முழு உரிமை யாருக்கும் இல்லை என்பது 1920இல் ரயில்வே ஊழியர் டப்னர் வழக்கிலேயே சொல்லப்பட்டது. ஹமாட்டா அதை மாற்றவில்லை. அங்கே குழு தவறியது எதில் என்றால், தனக்கு அனுமதிக்கும் அதிகாரமே கிடையாது என்று எண்ணிக்கொண்டதில். விதி வெளிப்படையாகத் தடுக்காதவரை, தகுந்த சந்தர்ப்பத்தில் வழக்கறிஞரை அனுமதிக்கும் விருப்புரிமை அந்தக் குழுவுக்கு உண்டு, அதை எண்ணிப் பார்க்கவே இல்லையே என்பதுதான் தீர்ப்பு. குழு எண்ணிப் பார்த்து, தக்க காரணத்தோடு மறுத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

எவற்றை எண்ணிப் பார்க்கவேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். சாட்டப்பட்டது என்ன, உண்மைச் சிக்கலோ சட்டச் சிக்கலோ எவ்வளவு, தோற்றால் இழப்பு எவ்வளவு, எதிர்த்தரப்பில் சட்டம் படித்தவர் நின்று வழக்கை நடத்துகிறாரா என்பவை அதில் முக்கியமானவை. பெரியம்மாவின் விடயத்தில் இழப்பு பெரிது, அவருக்கு இருக்கும் ஒரே வருமானம் அந்தக் கடை. ஆனால் சட்டச் சிக்கல் பெரிதில்லை. எதிர்த்தரப்பில் ஆய்வாளர் ஒருவரே வந்தால் வழக்கறிஞரைக் கேட்பதற்கான காரணம் மெலிந்துவிடும், சட்டப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து நடத்தினால் அதே காரணம் வலுத்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் பெரியம்மாவுக்கு வேண்டியது வேறொன்று. அந்தத் 'தகவல்' என்ன என்று தெரியவேண்டும். எதற்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாமல் எழுதினாலும் ஒன்றுதான், நேரில் போய்ப் பேசினாலும் ஒன்றுதான். தகவல் உரிமைச் சட்டமான பாயாவில் விண்ணப்பித்தால் அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, ஏழு நாள் அறிவிப்புக்கு அது உதவாது. நாளையே ஒரு சிறு கடிதம் கொடுங்கள். ஆய்வு அறிக்கையின் நகல், ஆய்வாளரின் குறிப்புப் புத்தகத்தில் அந்த நாட்களுக்குரிய பக்கம், புகார் இருந்தால் அதன் சாரம், அனுமதி நிபந்தனைகளின் நகல், இவை கிடைத்த நாளிலிருந்து பதினான்கு நாள் அவகாசம், இவ்வளவுதான் கேட்கவேண்டும். பெறுபவர் கையொப்பமும் முத்திரையும் இட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னாள் ஆய்வாளர் (புதன் காலை)

அடுத்த பக்கத்தையும் யாராவது சொல்லவேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் வேறொரு நகராட்சியில் பன்னிரண்டு ஆண்டு சந்தை ஆய்வாளராக இருந்தேன். ஒரு காலையில் முப்பது நாற்பது கடைகளைப் பார்க்கவேண்டும். உள்வாடகை உண்மையிலேயே பரவலாக நடக்கிறது. பெயர் ஒருவருடையது, கடை மூன்றாவது கைக்கு மாறியிருக்கும், காத்திருப்போர் பட்டியலில் உள்ள ஏழைக்கு இடம் கிடைக்காது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் நேரில் விசாரணை, என்னை நிறுத்திக் குறுக்கு விசாரணை என்றால் ஆண்டுக்கு ஐந்து கடையைக்கூட முடிக்க முடியாது. பெரும்பாலான விடயங்கள் காகிதத்திலேயே தெளிவாகிவிடும். வாடகை பாக்கியா இல்லையா என்பதற்கு யாரையும் நேரில் கேட்கத் தேவையில்லை, இரசீதைக் காட்டினால் முடிந்தது.

பழைய பதிவேடு (புதன் காலை)

இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இரசீதைப் பார்த்தால் முடிந்துவிடும் சச்சரவுக்கு நேரில் கேட்பு வீண். இரசீது எதுவும் இல்லாமல், ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்கப் போகிறார்கள் என்றால் அதற்குக் காகிதம் போதாது. அப்போது மட்டுமே அந்த மற்றவரை முகம் பார்த்துக் கேள்வி கேட்கவேண்டிய தேவை எழுகிறது. பெரியம்மாவின் விடயம் எந்த வகை என்பது ஆவணங்கள் வந்தால்தான் தெரியும்.

கடைக்காரர் வீட்டுப் பெண் (அடுத்த திங்கள் இரவு)

ஆவணங்கள் கிடைத்தன, பதினான்கு நாள் அவகாசமும் தந்தார்கள். முகம் தெரியாத ஒரு வியாபாரி கொடுத்த புகார் ஒன்று இருக்கிறது, அதன் சாரம் ஒரு வரி மட்டும் கிடைத்தது. மற்றது ஆய்வாளரின் தட்டச்சு அறிக்கை. மூன்று நாட்களில் அவர் வந்திருக்கிறார், மூன்று முறையும் கடையில் அந்த இளைஞர்தான் இருந்திருக்கிறார். அறிக்கையின் முக்கிய வாக்கியம் இது: கடையில் இருந்தவர், தாம் அனுமதிதாரருக்கு மாதம் 1,800 ரேண்ட் கொடுத்து வருவதாக ஒப்புக்கொண்டார். குறிப்புப் புத்தகத்தின் பக்கத்தில் முதல் வருகைக்கு மட்டும் அரைவரி ஆங்கிலக் குறிப்பு இருக்கிறது, 'ஆண், 1,800 மாதம், கொடுக்கிறார்' என்று. மற்ற இரண்டு வருகைக்கும் 'அதே ஆள்' என்றுதான் உள்ளது.

இளைஞரிடம் கேட்டேன். ஆய்வாளர் ஸூலுவில் பேசினார் என்றும், சம்பளம் எவ்வளவு என்று கேட்டதாக எண்ணிப் பதில் சொன்னேன் என்றும் கூறுகிறார். அவருக்கு ஸூலு அரைகுறைதான்.

பேருந்து ஓட்டுநர் (திங்கள் இரவு)

தங்கை, நான் உம்லாசி வழித்தடத்தில் நாள்முழுதும் ஸூலுதான் பேசுகிறேன். பணம் கொடுக்கிறேன் என்பதற்கு வரும் சொல் 'கோகெலா'. எனக்குப் பணம் கொடுக்கப்படுகிறது என்பதற்கு அதே சொல்லின் கடைசியில் ஒரு 'வா' சேர்ந்து 'கோகெல்வா' ஆகும். அரைகுறையாகப் பேசுபவர் அந்தக் கடைசி ஓசையை விழுங்கிவிடுவார். சந்தை இரைச்சலில் கேட்பவருக்கும் அது காதில் விழாது. சம்பளம் வாங்குகிறவர் வாடகை கொடுக்கிறவராக மாறியது அந்த ஓர் எழுத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாரிட்ஸ்பர்க் மாணவி (திங்கள் இரவு)

அண்ணா சொன்னதைப் படித்தபின் தான், காகிதத்தில் தீராத சச்சரவு என்று பதிவேடு ஐயா சொன்னது எனக்கு விளங்கியது. அறிக்கையில் ஆங்கில வாக்கியம் மட்டும் இருக்கிறது, உரையாடல் நடந்த மொழியே அதில் இல்லை.

பழைய பதிவேடு (செவ்வாய் காலை)

இனி எழுத்து விளக்கத்தை இப்படி அமைக்கச் சொல்வேன். எழுத்து விளக்கம் கட்டாயம் போகட்டும். நேரில் கேட்கும்படி கோருவதனால் எழுதாமல் விட்டுவிடக்கூடாது. கோரிக்கை மறுக்கப்பட்டால் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்க நேரும்.

முதலில், எது சச்சரவில் இல்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். மூன்று நாளும் இளைஞர் கடையில் இருந்தார், பெரியம்மா இல்லை. மருத்துவமனை அட்டையின் நகலில் அதே தேதிகள் இருந்தால் இணைத்துவிடுங்கள். இவ்வாறு ஒப்புக்கொள்வது, மறுக்கும் இடத்தில் உங்கள் சொல்லுக்கு எடை தரும். இரண்டாவது, உதவியாளரை வைத்துக்கொள்ள நிபந்தனை இடம் தருகிறதா என்பது. இது வாசித்துப் பொருள் கொள்ளவேண்டிய விடயம், இதை எழுத்திலேயே வாதிடலாம், நேரில் பேசினால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. மூன்றாவதுதான் உயிர்நிலை: 1,800 ரேண்ட் எந்தத் திசையில் போனது?

இந்த மூன்றாவதற்கு மட்டும் நேரில் கேட்கும்படி கோருங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். அனுமதியை இரத்து செய்ய வேறு எந்த ஆதாரமும் இல்லை, ஒரே ஆதாரம் ஓர் உரையாடல், அது எந்த மொழியில் நடந்தது என்று அறிக்கை சொல்லவில்லை, உரையாடிய இருவரும் நேரில் வரக்கூடியவர்கள், இருவரிடமும் பத்து நிமிடம் கேட்டால் தீர்ந்துவிடும். பொதுவாக 'நியாயம் வேண்டும்' என்று எழுதப்பட்ட கோரிக்கையை எளிதில் ஒதுக்கிவிடுவார்கள். யாரை, எதைப் பற்றி, எதற்காகக் கேட்கவேண்டும் என்று எழுதியதை மறுக்க அவர்கள் காரணம் தேடவேண்டியிருக்கும். ஆய்வாளரை நீங்களே குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேளுங்கள், முடியாதென்றால் உங்கள் கேள்விகளைத் தலைவர் வழியாகக் கேட்கவாவது சம்மதியுங்கள் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான அதிகாரிகள் இரண்டாவதை எளிதாக ஒத்துக்கொள்வார்கள்.

இளைஞரின் வாக்குமூலத்தைக் காவல் நிலையத்தில் உள்ள சத்தியப்பிரமாண அதிகாரி முன் எடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. முகம் தெரியாத புகார்தாரரைக் கொண்டுவரச் சொல்லி வாதாட வேண்டாம். அதன்மேல் முடிவெடுக்கவில்லை என்று எழுத்தில் வாங்கினால் போதும். அதன்மேல் எடுக்கப்போவதாகச் சொன்னால் அப்போது கேட்போம்.

முன்னாள் ஆய்வாளர் (செவ்வாய் மதியம்)

ஒரு எச்சரிக்கை சொல்கிறேன். நேரில் கேட்பு என்றால் உங்கள் சாட்சியையும் அவர்கள் கேட்பார்கள். மூன்று நாள், நாளுக்கு ஐந்து மணி என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்குச் சராசரி 65 மணி. 2025 மார்ச்சில் வந்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 28.79 ரேண்டாக இருந்தது, அதன்படி பார்த்தாலே 1,871 ரேண்டுக்கு மேல் வரவேண்டும். 1,800 என்று சத்தியப்பிரமாணத்தில் எழுதினால் வாடகைக் குற்றச்சாட்டிலிருந்து தப்பி ஊதியக் குற்றச்சாட்டில் சிக்கலாம். இளைஞரின் குடிவரவுக் காகிதங்களையும் கேட்பார்கள்.

கடைக்காரர் வீட்டுப் பெண் (செவ்வாய் மாலை)

நல்லவேளை, சொன்னீர்கள். அவருடைய அனுமதிக் காகிதம் செல்லுபடியாகிறது, பார்த்துவிட்டேன். நேரம் நாளுக்கு நான்கரை மணிதான், ஏழரைக்கு வந்து பன்னிரண்டுக்குப் போய்விடுவார் என்று இருவரும் சொல்கிறார்கள். அதையே எழுதுகிறோம், கூட்டியும் குறைத்தும் எழுதவில்லை.

மெரிபேங்க்வாசி (செவ்வாய் மாலை)

எழுதத் தெரியாத ஒரு மூதாட்டியிடம் எழுதித் தா என்று கேட்பதே அநியாயம் என்ற என் கருத்து மாறவில்லை. அமெரிக்காவில் 1970இல் கோல்ட்பர்க் வழக்கில், உதவித்தொகை வாங்குபவர்களுக்கு எழுத்துமூல விளக்கம் உதவாது, கல்வியறிவு குறைந்தவர்களால் அதைத் திறம்பட எழுத முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிற்று. நம் ஊரில் மட்டும் ஏன் அப்படி இல்லை?

பழைய பதிவேடு (செவ்வாய் இரவு)

அந்த வாதம் எனக்குப் பிடிக்கிறது, கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம், பாஜாவின் 'துணைக்கு ஒருவர்' என்பதன் கீழ் அது நன்றாகப் பொருந்தும். ஆனால் உங்கள் அமெரிக்கத் தீர்ப்பு பட்டினியில் இருப்பவரின் உதவித்தொகையை நிறுத்தும் விடயம். ஆறு ஆண்டில் அதே நீதிமன்றம் எல்ட்ரிஜ் வழக்கில், ஊனத்துக்கான உதவித்தொகையை மருத்துவ அறிக்கைகளை வைத்தே நிறுத்தலாம், முன்கூட்டி நேரில் கேட்பு வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. முதலாவதில் ஒருவரின் நேர்மை கேள்விக்குள்ளாகிறது, இரண்டாவதில் பெரும்பாலும் மருத்துவர் எழுதிய காகிதம்.

கடைக்காரர் வீட்டுப் பெண் (மூன்று வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நேரில் கேட்கச் சம்மதித்தார்கள், முக்கால் மணி நேரம். குறுக்கு விசாரணைக்கு ஒப்பவில்லை, கேள்விகளை முன்கூட்டி எழுதித் தந்தால் தலைவர் கேட்பார் என்றார்கள். வழக்கறிஞரை அனுமதிக்கவில்லை, அந்த மறுப்புக்கு ஒரு வரி காரணமும் இல்லை. என்னைத் துணையாளராக ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் பக்கம் ஆய்வாளரோடு சந்தை மேலாளர் ஒருவரும் இருந்தார், சட்டம் படித்தவர் யாரும் இல்லை.

நாங்கள் தந்த ஐந்து கேள்விகளில் மூன்றைத் தலைவர் கேட்டார். எந்த மொழியில் பேசினீர்கள் என்றதற்கு ஆய்வாளர் ஸூலு என்றார். அவர் பேசிய வார்த்தையை அப்படியே சொல்ல முடியுமா என்றதற்கு நினைவில்லை, பொருள்தான் நினைவிருக்கிறது என்றார். அறிக்கையை எப்போது தட்டச்சு செய்தீர்கள் என்றதற்கு மூன்றாவது வருகைக்குப் பின்னர், அதாவது முதல் உரையாடலுக்கு ஒன்பது நாள் கழித்து என்றார். மற்ற இரு வருகையில் ஏன் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்ற கேள்வியைத் தலைவர் தேவையில்லை என்று விட்டுவிட்டார். எனக்கு அதுதான் மிக முக்கியமான கேள்வி. நான் அப்போதே எழுந்து, அந்தக் கேள்வியைக் கேட்காததைப் பதிவு செய்யவேண்டும் என்று சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

இளைஞர் பேசும்போது தடுமாறினார். பெரியம்மா ஐந்து நிமிடம் என்று சொன்னவர் இருபது நிமிடம் பேசினார். முடிவு இன்னும் வரவில்லை.

மாரிட்ஸ்பர்க் மாணவி (அதே இரவு)

குறுக்கு விசாரணையை மறுத்ததே ஒரு மறு ஆய்வுக் காரணம் ஆகாதா, ஐயா? கேள்விக்குப் பதில் வந்த கையோடு அடுத்த கேள்வியைத் தொடுக்க முடியாமல் போய்விட்டதே.

பழைய பதிவேடு (மறுநாள் காலை)

என் எண்ணத்தில் அது மட்டும் போதாது. தலைவர் வழியாகக் கேட்டதும் தகவலை மறுக்கும் ஒரு வழிதான், முக்கியமான விடை கிடைத்தும் இருக்கிறது. 'வார்த்தை நினைவில்லை' என்ற பதிலுக்குப் பிறகு, மொழிச் சிக்கலைக் கருதாமல் அனுமதியை இரத்து செய்தால் முடிவின் உள்ளடக்கத்தையே தாக்கலாம். நடைமுறையைத் தாக்குவதென்றால் கேட்காமல் விட்ட நான்காவது கேள்வியையும், காரணமில்லாமல் வழக்கறிஞரை மறுத்ததையும்தான் எடுப்பேன். இரண்டாவதில் ஹமாட்டா நமக்கு உதவும், தலைவர் எண்ணிப் பார்த்தார் என்பதற்கு எழுத்தில் தடயமே இல்லை. ஆனால் சட்டம் படித்த எதிராளி இல்லாததால், எண்ணிப் பார்த்திருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும் என்று அவர்கள் வாதிடுவார்கள். அது எப்படிப் போகும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முன்னாள் ஆய்வாளர் (மறுநாள் காலை)

நான் ஒப்பவில்லை. முக்கால் மணி நேரம் கேட்டிருக்கிறார்கள், துணையாளரை அனுமதித்தார்கள், கேள்வியை அனுமதித்தார்கள். ஒரு சந்தைக் கடை விடயத்தில் இதற்கு மேல் எந்த நகராட்சியும் செய்யாது. நான்காவது கேள்விக்கு விடை குறிப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது, கேட்கவில்லை என்பது அதிலிருந்தே தெரிகிறது.

கடைக்காரர் வீட்டுப் பெண் (மறுநாள் மாலை)

ஏன் கேட்கவில்லை என்பது அதில் இல்லை, ஐயா. சந்தேகம் இருந்திருந்தால் இரண்டாவது முறை கேட்டிருப்பார்தானே.

பழைய பதிவேடு (மறுநாள் இரவு)

இருவரும் இதில் ஒரு முடிவுக்கு வரமாட்டீர்கள் என்று தோன்றுகிறது. முடிவுக் கடிதம் வந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாதகமாக வந்தால் நகராட்சி முறைமைச் சட்டத்தின் 62ஆவது பிரிவின் கீழ் 21 நாளுக்குள் நகராட்சி மேலாளருக்குக் காரணங்களோடு எழுத்துமூல மேல்முறையீடு போகவேண்டும். அதைத் தாண்டாமல் நேரே நீதிமன்றம் போனால் உள்முறையீட்டை முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள். உள்முறையீடு முடிந்தபின் மறு ஆய்வுக்கு 180 நாளுக்கு மேல் தாமதிக்கக் கூடாது. கூட்டத்தில் நீங்கள் எழுந்து சொன்னது அவர்களின் குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, குறிப்பின் நகலை இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அம்மா.

கடைக்காரர் வீட்டுப் பெண் (மறுநாள் இரவு)

நாளைக் காலையில் கடிதம் கொடுக்கிறேன். பெரியம்மா இன்றும் ஏழு மணிக்கே கடையைத் திறந்துவிட்டார்.